பிராமி சிரப் வாங்கும் முன்: பத்துபஸ்தி பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பத்துபஸ்தியில் இந்த ஆண்டு பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,



டிசம்பர் தாண்டினால் நம் பக்கத்து மருந்துக்கடைகளில் ஞாபகசக்தி சிரப்புகள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. பிப்ரவரியில் சிபிஎஸ்இ பரீட்சை. வேதியியல் ட்யூஷனுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது உங்களில் பலர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள்: "டீச்சர், பிராமி கொடுக்கலாமா? படிச்சது மனசுல நிக்குமா?" வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்காகப் பிள்ளைக்கு அதை வாங்காதீர்கள். செடியில் சரக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மனிதர்களிடம் இதுவரை பார்க்க முடிந்த பலன் மிகச் சிறியது, அதுவும் பெரியவர்களிடம், அதுவும் மூன்று மாதம் விடாமல் சாப்பிட்ட பிறகு. அந்தச் சிறிய பலன்கூட ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஏன் என்பதை உங்களுக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்பதே என் எண்ணம்.

முதலில் எந்தச் செடி என்று பார்த்துக்கொள்வோம். நாம் தமிழில் நீர்ப்பிரமி என்பது பகோபா மொன்னியேரி. ஈரத்தில் படர்ந்து ஓடும் செடி. சின்னச் சின்னதாய்ச் சதைப்பற்றுள்ள இலை, வெள்ளையோ வெளிர் ஊதாவோ பூ. நம் வங்காளி அண்டைவீட்டார் பிராமி ஷாக் என்று வதக்கிச் சாப்பிடும் கசப்புக் கீரை இதுதான். வல்லாரை வேறு, அதன் இலை வட்டமாக, சிறுநீரக வடிவில் இருக்கும். வடநாட்டில் வல்லாரையையும் பிராமி என்று அழைப்பதுண்டு என்பதால் பாட்டிலுக்குள் எது இருக்கிறது என்பதில் குழப்பம் வரும். நான் கீழே சொல்லும் ஆய்வுகள் எல்லாம் நீர்ப்பிரமியைப் பற்றியவை. அவற்றை வல்லாரைக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960களில் இந்தச் செடியிலிருந்து சில சேர்மங்களைப் பிரித்து எடுத்தார்கள். அவற்றுக்கு பகோசைடு ஏ, பகோசைடு பி என்று பெயர் வைத்தார்கள். பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வருகிறதே, அதைத் தரும் சப்போனின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவையும். கொழுப்புத்தன்மை கொண்ட ஓர் உடல், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைத் துண்டுகள். பகோசைடு ஏ என்பது ஒரே பொருள் அல்ல, நெருங்கிய உறவுள்ள நாலைந்து சப்போனின்களின் கலவை என்பது பிறகு தெரிந்தது. அதே நிறுவனத்தில் எச்.கே. சிங்கும் பி.என். தவனும் 1982-ல் எலிகளுக்கு இந்தச் செடியின் ஆல்கஹால் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். லேசான மின்னதிர்ச்சியிலிருந்து தப்ப எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எலி கற்றுக்கொள்ள வேண்டும். சாறு குடித்த எலிகள் விரைவில் கற்றன, கற்றதை நெடுநாள் மறக்காமலும் இருந்தன. பிராமி பற்றிய இன்றைய அறிவியல் பேச்செல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அது எப்படி வேலை செய்யக்கூடும்? விளக்கங்கள் பல உண்டு. மூன்றைச் சொன்னால் போதும். ஒன்று, அசிட்டைல்கோலின். மூளையில் ஒரு நரம்பு இன்னொன்றுக்குச் சேதி சொல்லப் பயன்படும் வேதிப்பொருள் இது. ஒன்றைப் புதிதாக நினைவில் பதிக்க இது தேவை. சேதி போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி இதை உடைத்துவிடும். பிராமி அந்த நொதியைக் கொஞ்சம் தடுக்கிறது, அதனால் அசிட்டைல்கோலின் சற்று அதிக நேரம் நிற்கிறது என்கிறார்கள். அல்சைமர் நோயாளிகளுக்குத் தரும் டோனெப்பெசில் மாத்திரையும் இதே வழியில் வேலை செய்வதுதான். ஆனால் பிராமியின் தடுப்பு அதைவிட மிகவும் பலவீனமானது. இரண்டாவது, ஆக்சிஜனேற்றத் தடுப்பு. எலி மூளையில் நினைவுக்கு வாசல் போன்ற ஹிப்போகாம்பஸ் பகுதியில் செல்லைக் காக்கும் நொதிகள் கூடியதை அளந்திருக்கிறார்கள். மூன்றாவது, நரம்பின் கிளைகள். சில வாரம் சாறு குடித்த எலிக்குட்டிகளின் மூளையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்புச் செல்களின் கிளைகள் நீண்டும் அடர்ந்தும் இருந்தன என்று மணிப்பால் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றும் எலியில் அளந்தவை. மனித மூளைக்குள் இவற்றில் எதையும் யாரும் இப்படி வெட்டிப் பார்க்க முடியாது என்பது ஒரு புறம். அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு, வேதியியல் சொல்லித்தருகிறவள் என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்டதும் நுழைந்துவிடாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டினால் அதைக் கடப்பது பொதுவாகக் கடினம். சர்க்கரை ஒட்டிக்கொண்டு நீரை நாடும் பொருளுக்கு இன்னும் கடினம். பகோசைடு ஏ3-ன் எடை ஏறக்குறைய 929. அப்படியே அது மூளைக்குப் போகிறது என்று நம்புவது சிரமம். மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் இதைக் கணினிக் கணக்காலும் சோதனைக்குழாயிலும் ஆராய்ந்தார்கள். முழு பகோசைடு மூளையின் ஏற்பிகளோடு சரியாகப் பொருந்தவில்லை. சர்க்கரைகள் கழன்றபின் மிஞ்சும் துண்டுகள், முக்கியமாக எபெலின் லாக்டோன், பொருந்தின. தடுப்பைக் கடக்கும் வாய்ப்பும் அவற்றுக்கே அதிகம். அப்படியானால் நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் பகோசைடை வெட்டி உருமாற்றிக் கொடுத்தால்தான் ஏதாவது நடக்கும் போலிருக்கிறது. குடல் பாக்டீரியா ஆளுக்கு ஆள் வேறு. பாட்டில் மேல் பகோசைடு எத்தனை சதவீதம் என்று போட்டிருந்தாலும், அதில் எவ்வளவு உண்மையில் வேலை செய்யும் பொருளாக மாறும் என்பதை அந்த எண் சொல்லாது.

எலி முடிவுகள் வந்து, மனித ஆய்வுகள் போதிய அளவு வரும் முன்பே பொருள் கடைக்கு வந்துவிட்டது. உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மெமரி பிளஸ் நினைவிருக்கும். லக்னோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பெற்று சென்னையின் வெல்வெட் இன்டர்நேஷனல் 1996-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிராமி மாத்திரை அது. விளம்பரத்தில் விஸ்வநாதன் ஆனந்த் வந்தார். சதுரங்கத்தில் உலகம் பேசிய தமிழ்ப்பையன் சொன்னால் எந்த வீட்டில்தான் கேட்கமாட்டார்கள்? அதற்கு ஐந்தாண்டு கழித்து, 2001-ல்தான் ஆரோக்கியமான பெரியவர்களிடம் பிராமியை மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு வெளியானது. ஆஸ்திரேலியாவில் கான் ஸ்டஃப் குழுவினர் செய்தது.

மனிதரிடம் நடந்த ஓர் ஆய்வை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் ரூடன்ரிஸ் குழுவினர் 2002-ல் வெளியிட்டது அது. 40 வயது முதல் 65 வரையிலான 76 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு பிராமி, மீதிப் பேருக்குப் போலி. யாருக்கு எது என்பது தருகிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. மூன்று மாதம் தினமும். தொடங்கும் முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை, நிறுத்தி ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை என மூன்று தடவை சோதித்தார்கள். அவற்றில் ஒரு சோதனை இப்படி: சம்பந்தமில்லாத இரண்டிரண்டு சொற்களை ஜோடியாகச் சொல்லுவார்கள். பிறகு முதல் சொல்லைச் சொன்னால் அதன் ஜோடியை நீங்கள் சொல்லவேண்டும். கொஞ்ச நேரம் வேறு வேலையில் ஈடுபடுத்திவிட்டு மறுபடி கேட்பார்கள்.

இந்த ஒன்றில் பிராமிக் குழு மேலாக இருந்தது. தாமதமாகக் கேட்டபோது அவர்கள் குறைவாக மறந்திருந்தார்கள். ஆனால் கற்கும் வேகம் இரு குழுவுக்கும் ஒன்றுதான். கவனம் மாறவில்லை. கேட்டதும் உடனே திருப்பிச் சொல்லும் குறுகிய நேர நினைவு மாறவில்லை. ஏற்கெனவே தெரிந்ததை மீட்டெடுப்பது மாறவில்லை. பதற்றம் குறையவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், "சாவியை எங்கே வைத்தேன், யாருக்கு என்ன சொன்னேன்" போன்ற அன்றாட மறதிகள் பற்றிய கேள்விப்பட்டியலில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. சாப்பிட்டவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?

இதற்கு முந்தைய ஆண்டு வந்த ஸ்டஃப் ஆய்வில் 46 பேர், 12 வாரம், தினம் 300 மில்லிகிராம். அங்கே கற்கும் வேகம் கூடியது, பதற்றமும் குறைந்தது. ரூடன்ரிஸ் ஆய்வில் அசையாத இரண்டும் இங்கே அசைந்திருக்கின்றன. ஒரே செடி, ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மூன்று மாதம். உண்மையான பலன் என்றால் அது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தென்படவேண்டும். இங்கே அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

இடம் மாறுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பன்னிரண்டாவது பிள்ளைகள் இதைப் போட்டுவிடுவார்கள். ஒரு சோதனையில் மருந்துக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் தற்செயலாக "வித்தியாசம் உண்டு" என்று தோன்ற 20-ல் ஒரு வாய்ப்பை ஆய்வாளர்கள் அனுமதிக்கிறார்கள். ஒரே சோதனை என்றால் பரவாயில்லை. ஒன்றையொன்று சாராத 17 சோதனைகள் வைத்தால்? எதிலும் தப்பாகத் தோன்றாமல் இருக்கும் வாய்ப்பு 0.95-ஐ 17 முறை பெருக்கி வருவது, சுமார் 0.42. அப்படியென்றால் 58 சதவீத வாய்ப்பில் ஏதோ ஒன்றிலாவது வெறும் தற்செயலால் வித்தியாசம் தெரியும். பிராமி ஆய்வுகளில் ஒவ்வொருவரும் டஜன் கணக்கில் சோதனை வைக்கிறார்கள், ஆள் எண்ணிக்கையோ ஐம்பது, எழுபது. விளம்பரத்துக்குப் போவது நன்றாக வந்த அந்த ஒரு வரி மட்டும்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். மத்தேயு பேஸ் குழுவினர் 2012-ல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தாமாக நினைவுகூரும் சோதனைகள் 17-ல் 9-ல் பிராமி மேலாக இருந்தது. இது தற்செயலுக்கு எதிர்பார்ப்பதைவிட அதிகம். ஆகவே எதுவுமே இல்லை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நினைவைத் தவிர்த்த மற்ற மூளைத் திறன்களில் ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அவர்களே எழுதினார்கள். தாய்லாந்தின் கொங்கேவ் குழுவினர் 2014-ல் ஒன்பது ஆய்வுகள், 518 பேரின் முடிவுகளை ஒன்றாகக் கணக்கிட்டார்கள். அங்கே எடுத்துச் சொல்லும்படி நின்றது வேகம்தான். விளக்கு எரிந்ததும் சரியான பொத்தானை அமுக்கும் நேரம் சுமார் 10 மில்லி செகண்ட் குறைந்தது. ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்கு. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பரீட்சையில் அது எந்தக் கேள்விக்கு உதவும்?

இந்த ஆய்வுகளின் மேல் எனக்கு இருக்கும் இன்னொரு சந்தேகம் வயிறு பற்றியது. 55 வயதைத் தாண்டியவர்களிடம் ஆஸ்திரேலியாவில் மார்கனும் ஸ்டீவன்ஸும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் பிராமிக் குழுவுக்கு அடிக்கடி வயிறு போனது, குமட்டல் வந்தது, வயிறு பிசைந்தது. சப்போனின் குடலை உறுத்தும், அதில் வியப்பில்லை. ஆனால் வயிறு போகிறவருக்குத் தான் சாப்பிடுவது நிஜ மருந்து என்று தெரிந்துவிடுமே! தெரிந்தபின் அவர் சோதனையில் இன்னும் முனைப்பாக உட்கார்வார். போலி மாத்திரை வைத்ததன் நோக்கமே அங்கே அடிபட்டுப் போகிறது. முடிவில் "உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அந்தப் பதில்களை அச்சிட்டிருந்தால் நாம் எடைபோடலாம். பிராமி பற்றி எதையாவது படிக்கும்போது அதைத் தேடுங்கள். ஆய்வுக்கு அந்த எக்ஸ்ட்ராக்ட்டைத் தயாரிக்கும் நிறுவனம் பணமோ மருந்தோ தந்ததா என்பதையும் தேடுங்கள். இந்தத் துறையில் பலவற்றுக்குத் தந்திருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயது வரையுள்ள, கவனச்சிதறலும் துறுதுறுப்பும் அதிகமாக இருந்த பையன்களுக்கு 14 வாரம் பிராமி கொடுத்து, போலியோடு ஒப்பிட்டு, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். செய்தவர்களில் அதே ஸ்டஃப் அவர்களும் உண்டு. முதன்மையாக எதை அளக்கப்போகிறோம் என்று அவர்கள் சொல்லி வைத்திருந்தார்களோ, அந்த நடத்தை மாற்றம் வரவில்லை. துணைச் சோதனைகள் சிலவற்றில் சிறு மாற்றம் இருந்தது. மேலே போட்ட கணக்கை அங்கேயும் போட்டுப் பார்க்கவேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண்ணை பிராமி கூட்டியது என்று காட்டும் நம்பத்தகுந்த ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. பரீட்சை அன்று காலையில் மட்டும் ஒரு ஸ்பூன் கொடுப்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன்: ஒரே ஒரு தடவை 300 மில்லிகிராம் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்த ஆய்வும் 2001-ல் வந்தது. 38 பேர். எந்தப் பலனும் தெரியவில்லை.

சென்ற மாதம் ஒரு மாணவியின் அம்மா கொண்டுவந்து காட்டிய பாட்டிலை மேஜைமேல் வைத்து இருவருமாகப் படித்தோம். பெயர் வேண்டாம், எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன. 10 மில்லியில் பிராமி 200 மில்லிகிராம், கூடவே சங்கபுஷ்பி, அஸ்வகந்தா, இன்னும் சில, மீதி சர்க்கரைப் பாகு. காலை 10, மாலை 10 மில்லி. பிராமி என்றால் பச்சைச் சாறா, காய்ந்த பொடியா, வடித்த எக்ஸ்ட்ராக்ட்டா? எழுதவில்லை. பகோசைடு எவ்வளவு? அதுவும் இல்லை. ஆய்வுகளில் பயன்பட்ட 300 மில்லிகிராம் என்பது 20 பங்கு காய்ந்த செடியை ஒரு பங்காக வடித்த எக்ஸ்ட்ராக்ட். செடிக் கணக்கில் 6 கிராம். இந்தப் பாட்டிலில் இருப்பது வெறும் பொடி என்றால் ஒரு நாளைக்குப் பிள்ளைக்குள் போவது 400 மில்லிகிராம். ஆய்வு அளவில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்த அம்மா கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலை மூடினார்.

லேபிளில் "55 சதவீதம் பகோசைடு" என்று போட்ட மாத்திரைகளும் உண்டு. அதிலும் ஒரு நுணுக்கம். புறஊதா ஒளியை வைத்து மொத்தமாக அளக்கும் பழைய முறை, பகோசைடு அல்லாத சிலவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். ஒவ்வொரு சப்போனினையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி முறையில் அதே பொடிக்கு எண் வெகுவாக இறங்கும். எந்த முறையில் அளந்தது என்று சொல்லாத சதவீதத்தை வைத்து இரண்டு பிராண்டை ஒப்பிடாதீர்கள்.

கடையில் வாங்குவானேன், பறித்துக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் இடத்தைப் பாருங்கள். பிராமி தான் நிற்கும் தண்ணீரிலுள்ள காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தனக்குள் சேர்த்துவைக்கும் செடி. சாக்கடைக் கழிவும் வண்டிப்பட்டறை எண்ணெயும் ஓடும் ஓடையோரத்துக் கீரை வேண்டாம். சுத்தமான தோட்டத்துக் கீரையை எப்போதாவது வதக்கிச் சாப்பிடுவதை நான் தடுக்கவில்லை. அது சாப்பாடு, அவ்வளவுதான்.

பாட்டி தாத்தாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் வேறு. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் பெரியவர்களிடம் நடந்தவை. அமெரிக்காவில் 65 தாண்டிய 54 பேரைச் சேர்த்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில்கூடத் தாமதமாக நினைவுகூர்வது சற்று மேம்பட்டது. ஆனால் அவர்கள் மறதி நோயாளிகள் அல்ல. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு மறதி புதிதாகக் கூடியிருந்தால் முதலில் ஜி.பி. பந்த் மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டி, பி12-ம் தைராய்டும் ரத்தத்தில் பாருங்கள். இவற்றில் எது குறைந்தாலும் மறதி வரலாம், சரிசெய்தால் பலருக்குத் தெளியும். சிரப்பை ஊற்றிக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்தால் அந்த மூன்று மாதமும் வீண். டோனெப்பெசில் சாப்பிடுகிறவர், நாடித்துடிப்பு மெதுவாக உள்ளவர், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் ஆகியோர் மருத்துவரிடம் சொல்லாமல் பிராமி தொடங்கவேண்டாம். எலி இன ஆய்வில் இது தைராய்டு சுரப்பைக் கூட்டியிருக்கிறது. சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் சாப்பிடாமல் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிட்டால் வயிற்றுத் தொல்லை குறையலாம்.

வீட்டில் ஏற்கெனவே பாட்டில் இருக்கிறவர்கள் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை ட்யூஷன் முடிந்ததும் வாருங்கள். அளவும் கணக்கும் சேர்ந்து பார்ப்போம். சர்க்கரை நோயுள்ளவர் வீட்டில் இருந்தால் அந்தப் பாகில் எவ்வளவு சர்க்கரை என்பதையும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தரும் டீச்சர்,
பத்துபஸ்தி, தெற்கு அந்தமான்